கிளாம்ப் மூடின பின்

அந்த நர்ஸுக்கு ஒரு பழக்கம். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் உதடுகளைச் சுருக்குப்பையின் வாயைப்போல இறுக்கிக்கொள்வாள். அடுத்த வாக்கியம் வரும்வரை அந்தச் சுருக்கு அவிழாது. அவள் ஊரில் அது யாருக்கும் தொந்தரவாக இருந்திருக்காது. இங்கே டப்பிங் கூடத்தில் அது நாலு பேருடைய உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

வீடியோ மொத்தம் நாற்பது நிமிடம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள், வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்து நீரை ஏற்றி இறக்கி, வீட்டிலேயே தங்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது எப்படி என்று அதில் அந்த நர்ஸ் கற்றுத்தருகிறாள். எதிரே மேஜை, இடுப்பில் ரப்பர் வயிறு ஒன்றைக் கட்டியிருக்கிறாள், அதிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. குழாயின் நுனியில் ஒரு மூடி, அதற்குச் சற்று மேலே குழாயை இறுக்கி அடைக்க ஒரு கிளாம்ப். பேசுவது ஆங்கிலம். அதைத் தமிழில் பேசவைக்க வேண்டும், அவளே தமிழ் பேசுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும். வேலையைக் கொடுத்த கம்பெனியின் நிபந்தனை அது.

தமிழை எழுதித் தந்தவள் பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவள். கூடத்தில் அவளை வசனக்காரி என்றுதான் சொல்வார்கள். பொம்மைப் படம், விளம்பரம், தொடர் என்று அவள் பேசவைக்காத வாய் இல்லை. பொம்மைப் படத்தில் நரிக்கு வாய் திறக்கும், மூடும், அவ்வளவுதான். நரி என்ன சொன்னால் என்ன? மனித வாய் அப்படி ஏமாறாது. 'ப'வும் 'ம'வும் உதடு ஒட்டாமல் வராது. திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் அந்த எழுத்துகள் வந்து விழுந்தால் பார்க்கிறவர் கண் சும்மா இருக்கும். உதடு ஆவென்று திறந்திருக்கும்போது 'ம்' என்று ஒலித்தால் கண் உடனே விழித்துக்கொள்ளும். அதனால் அவள் வீடியோவின் ஒவ்வொரு துண்டையும் இருபது, முப்பது முறை ஓடவிட்டு, உதடு ஒட்டுமிடத்தில் சிவப்புப் புள்ளியும், மூச்சு வாங்குமிடத்தில் சாய்கோடும் போட்டுவைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் நடுவே தமிழை உட்காரவைப்பாள்.

உட்காருவேனா என்று அடம்பிடிக்கும் தமிழ். ஆங்கிலத்தில் 'செய்யாதே' என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. தமிழில் அது கடைசி எழுத்தில் காத்துக்கொண்டிருக்கும். நர்ஸின் கை முதலில் காட்டுகிற பொருள் நம் வாக்கியத்தில் கடைசியில் வரும். வாயைப் பார்த்து எழுதினால் கை பொய்யாகிவிடும், கையைப் பார்த்து எழுதினால் வாய்.

நர்ஸ் முகக்கவசம் போட்டுக்கொள்ளும் காட்சிகள் மட்டும் சொர்க்கமாக இருந்தன. பன்னிரண்டு நிமிடக் கவசக் காட்சிகளை ஒரே காலையில் முடித்தார்கள். "எல்லாரும் எப்பவும் கவசம் போட்டுக்கிட்டே பேசினா நம்ம தொழில் எவ்வளவு நிம்மதி" என்றாள் குரல் கொடுத்த பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவள். நாள் முழுக்கத் தொண்டைக்கு மாத்திரை சப்பிக்கொண்டே இருப்பதால் அவளுக்குக் குயில் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அந்தப் பெயரைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தாள்.

வம்பு பதினேழாம் துண்டில் வந்தது.

அதில் நர்ஸ் கவசம் இல்லாமல், நேராகக் கேமராவைப் பார்த்து, முகமும் கையும் ஒருசேரத் தெரிய ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். "டோன்ட் டச் த கேப்" என்று மூடியைக் காட்டுகிறாள். ஒரு சின்ன நிறுத்தம். கை மேலே நகர்ந்து கிளாம்பைப் பிடிக்கிறது. "அன்டில் த கிளாம்ப் இஸ் ஷட்." சுருக்குப்பை மூடிக்கொள்கிறது. கிளாம்பை மூடுகிற வரைக்கும் மூடியைத் தொடக் கூடாது. நாற்பது நிமிடத்தில் மிக முக்கியமான வாக்கியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். கிளாம்ப் திறந்திருக்கும்போது மூடியைக் கழற்றினால் கிருமி குழாய்வழியே நேராக வயிற்றுக்குள் போகும். வயிற்றில் சீழ் பிடித்தால் ஆஸ்பத்திரியில்தான் போய்ப் படுக்க வேண்டும். அதோடு தப்பினாலே பிழைத்தோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

வசனக்காரி முதலில் எழுதியது இது: "மூடியைத் தொட வேண்டாம், இந்தக் கிளாம்ப் மூடற வரைக்கும்." முதல் பாதி அச்சுப்போல உட்கார்ந்தது. 'கேப்' என்று நர்ஸ் உதடு ஒட்டுமிடத்தில் 'வேண்டாம்' என்று தமிழ் உதடும் ஒட்டியது. கையும் மூடியின் மேல்தான் இருந்தது. இரண்டாம் பாதியில்தான் கதை கெட்டது. 'கிளாம்ப்' என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்று. அதை அதன் உதட்டிலேயே வைத்தாக வேண்டும். வைத்தால், அதற்குப் பிறகு நர்ஸுக்கு 'இஸ் ஷட்' என்று இரண்டே அசைதான் மிச்சம். நமக்கோ 'மூடற வரைக்கும்' என்று ஒரு ரயிலே நிற்கிறது. 'வரைக்கும்' ஒலிக்கும்போது நர்ஸ் சுருக்கை இழுத்துக் கட்டிவிட்டு அமைதியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் கம்பெனியின் சார்பாக ஒரு மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படிவம். ஒவ்வொரு துண்டுக்கும் உதட்டுப் பொருத்தத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போடுவார். தமிழ் தெரிந்தவர்தான். ஆனால் அவர் காது கேட்டதைவிடக் கண் பார்த்ததே அதிகம்.

"வாய் மூடின பிறகும் சத்தம் வருது மேடம்" என்றார்.

குயில் வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். நோயாளிக்குச் சொல்வதுபோல இல்லை, பஸ் கிளம்பும்போது முகவரி சொல்வதுபோல இருந்தது. ஒலிப்பதிவுக்காரர், எதையும் வெட்டி ஒட்டிவிடுவார் என்பதால் கத்திரி என்று பெயர் எடுத்தவர், அதைக் கணினியில் பத்து சதவீதம் நெருக்கிப் பார்த்தார். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. "இதுக்கு மேல நெருக்கினா எலி பேசற மாதிரி ஆயிடும்கா" என்றார். நாலாம் முறை, ஐந்தாம் முறை. ஒவ்வொரு முறையும் மூன்று பீப் ஒலி, சிவப்பு விளக்கு, வாக்கியம், மேற்பார்வையாளரின் தலையசைப்பு. மேலிருந்து கீழ் அல்ல, பக்கவாட்டில்.

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். "கிளாம்பை மூடாம மூடியைத் தொடாதீங்க." தமிழுக்கு அதுதான் இயல்பு. ஆனால் நர்ஸ் மூடியைக் காட்டும்போது குரல் கிளாம்ப் என்றது, கிளாம்பைப் பிடிக்கும்போது மூடி என்றது. புதிதாகப் பார்க்கிறவன் எது மூடி, எது கிளாம்ப் என்றே மாற்றிப் புரிந்துகொள்வான். போதாக்குறைக்கு மூடாம, மூடி என்று இரண்டு சொல்லும் ஒட்டிப் பிறந்த இரட்டைபோலக் காதில் குழம்பின.

ஒன்பதாம் முறை முடிந்தபோது ஏ.சி. போட்ட அறையிலும் வசனக்காரிக்கு நெற்றி வியர்த்தது. பசி வேறு. குயில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மேற்பார்வையாளர் இன்றைக்குள் இருபத்தைந்து துண்டு முடிய வேண்டும் என்று இரண்டாவது முறையாக ஞாபகப்படுத்தினார். அப்போதுதான் வசனக்காரி பேனாவை எடுத்து, 'மூடற வரைக்கும்' என்பதை அடித்துவிட்டு, 'மூடின பின்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"மூடியைத் தொட வேண்டாம், இந்தக் கிளாம்ப் மூடின பின்."

குயில் ஒரே தடவையில் சொன்னாள். 'பின்' என்ற சொல்லோடு நர்ஸின் வாய் அப்படியே சாத்திக்கொண்டது. நர்ஸ் தமிழச்சியாகவே ஆகிவிட்டாள். கத்திரி கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினார். மேற்பார்வையாளர் முதல்முறையாகச் சிரித்துப் படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

எழுதிய வசனத்தை ஒரு மருத்துவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்று ஏற்பாடு. அவருக்குப் போனது வீடியோ இல்லை, அட்டவணை. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். அவர் இடப்பக்கத்தைப் படித்துவிட்டு வலப்பக்கத்தைப் படித்தார். தெரிந்த விஷயம், தெரிந்த வரிசை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

நாலு நாள் கழித்து, முடிந்த வீடியோவைப் பார்த்துக்கொள்ள ஓர் இணைப்பு வந்தது. வசனக்காரி அன்று மதியம் தன் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். அவருக்குத் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை. அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததும், இவள் பக்கத்து ஸ்டூலில் போனை வைத்துக்கொண்டு வீடியோவை ஓடவிட்டாள். செய்த வேலையைச் சாவகாசமாகப் பார்க்கும் சுகம் கொஞ்சம் இருந்தது. பதினேழாம் துண்டு வந்தது. நர்ஸ் மூடியைக் காட்டினாள், கிளாம்பைப் பிடித்தாள், வாயை மூடினாள்.

வசனக்காரி வீடியோவை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை, குயிலின் குரலோடு சேர்ந்து தானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

மூடியைத் தொட வேண்டாம், கிளாம்ப் மூடின பின். அதாவது, கிளாம்பை மூடிவிட்டால் அப்புறம் மூடியைத் தொடக் கூடாது. தொடுவதென்றால் அதற்கு முன்னாலேயே தொட்டுவிட வேண்டும். சொல்ல வந்ததற்கு நேர் எதிர். எழுதியது அவள் கை. யார்மேலும் பழி போட வழியில்லை.

தனக்குத்தான் மண்டை குழம்பியதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. கடையில் கிடந்த அரை முழம் பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள். அதில் சின்ன வால்வு ஒன்று இருந்தது. நுனிக்கு ஒரு மூடியைத் தேடிப் போட்டாள். புருஷனிடம் கொடுத்து, இந்த வால்வுதான் கிளாம்ப் என்று சொல்லி, அந்த ஒரு துண்டை மட்டும் போட்டுக் காட்டி, இந்தம்மா சொல்றபடி செய்து மூடியைக் கழற்றுங்கள் என்றாள். அவர் ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு நேராக மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வால்வைத் திருகி மூடினார்.

"ஏங்க, நீங்க மோட்டார் மெக்கானிக். முதல்ல வால்வத்தானே மூடுவீங்க?"

"என் புத்திக்கு விட்டா அதைத்தான் செய்வேன். இந்தம்மா கூடாதுன்னு சொல்லுதே. வால்வ மூடிட்டா மூடியத் தொடாதேன்னு. ஆஸ்பத்திரி சமாச்சாரம், அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். 

அங்கிருந்தே மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார், பொறுமையாக மறுத்தார். மருத்துவர் கையெழுத்து ஆகிவிட்டது. கோப்பு பூட்டப்பட்டுவிட்டது. திறக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி மேலே அனுப்ப வேண்டும், மேலே இருப்பவர்கள் அடுத்த வாரம் கூடுவார்கள். இரண்டு கிளினிக்குகளுக்கு ஏற்கெனவே அனுப்பியும் ஆயிற்று. தவிர, அந்தத் துண்டுதான் மொத்த வீடியோவிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது. அதைப் போய் மாற்றச் சொல்கிறீர்களே என்று அவர் கேட்டபோது, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை என்பது வசனக்காரிக்குத் தெரிந்தது. புரிந்துகொண்டே மறுக்கிறவரிடம் சண்டை போடலாம். இவரிடம் என்ன செய்வது?

மறுநாள் காலை அவர் வேறு வேலையாகக் கூடத்துக்கு வருகிறார் என்று கத்திரி தகவல் சொன்னார். அவள் குழாயையும் மூடியையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். வந்தவுடன் அவர் கையில் குழாயைக் கொடுத்து, துண்டைப் போட்டுக் காட்டி, செய்யுங்கள் சார் என்றாள். அவர் வால்வை மூடினார், பிறகு மூடியைக் கழற்றினார். சரியாகச் செய்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இதுல என்ன மேடம் குழப்பம்?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவருக்கு விஷயம் முன்பே தெரியும். ஆங்கிலத்தை நூறு முறை கேட்டவர். தமிழில் என்ன சொன்னாலும் அவர் காதில் ஆங்கிலம்தான் விழும். இதைச் சொல்லப் போனாள், நாக்கு குழறியது. நேற்று இரவெல்லாம் தொடுத்துவைத்த வாதம் மொத்தமும் ஒரு நிமிடத்தில் பொசுக்கென்று போய்விட்டது. நான் எழுதிய தமிழை நானே தப்பு என்கிறேன், நீங்கள் சரி என்கிறீர்களே என்று மட்டும் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

குயில்தான் அப்போது நாற்காலியை விட்டு எழுந்தாள். வேறொரு விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வந்திருந்தவள் அதுவரை மாத்திரையைச் சப்பிக்கொண்டு சும்மா இருந்தாள். வரவேற்பு மேஜையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெண்ணை உள்ளே கூட்டிவந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகமும் தெரியாது, கிளாம்பும் தெரியாது. குழாயைக் கையில் வாங்கி, எது மூடி, எது கிளாம்ப் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, துண்டைப் பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு மூடிமேல் விரலை வைத்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ இப்பவே கழட்டிடணும், இல்ல? கிளாம்ப மூடிட்டா அப்புறம் தொடக் கூடாதுன்னு சொல்றாங்களே."

சொல்லிக்கொண்டே கழற்றியும் விட்டாள்.

எல்லோரும் அவள் கையிலிருந்த மூடியையே பார்த்தார்கள். அந்தப் பெண்தான் பயந்துபோய்த் தான் ஏதாவது உடைத்துவிட்டேனா என்று கேட்டாள். மேற்பார்வையாளர் குழாயை அவளிடமிருந்து வாங்கி, மூடியைத் திரும்பப் போட்டு, துண்டை ஓடவிடச் சொன்னார். இம்முறை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குரலை மட்டும் கேட்டார். கேட்டு முடித்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு வெளியே போய் மருத்துவருக்குப் போன் செய்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நடந்து நடந்து பேசுவது தெரிந்தது. மருத்துவரும் முதலில், சரியாகத்தானே இருக்கிறது என்றாராம். ஒலியை மட்டும் போனில் கேட்கவைத்த பிறகு, இன்னொரு தடவை போடச் சொன்னாராம். பிறகு, மாற்றுங்கள் என்று ஒரே சொல்.

உள்ளே வந்த மேற்பார்வையாளர் சொன்னார்: "ஒரு மணி நேரம் தர்றேன். ஆனா மேடம், உதடு கெடக் கூடாது. கெட்டா மேல இருக்கறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க, நாம மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

ஒரு மணி நேரம் கிடைத்ததும் பழைய சுவரிலேயே வந்து முட்டிக்கொண்டார்கள். மூடற வரைக்கும் என்றால் நீளம். மூடாமல் என்றால் கை பொய். 'மூடினாத்தான்' என்று எழுதினாள். 'மூடினாத்தான் தொடலாம்' என்று முடிக்காமல் அது அந்தரத்தில் தொங்கியது. 'மூடும்வரை' என்று எழுதினாள். அளவுக்கு ஏறக்குறைய வந்தது, ஆனால் குயில் சொன்னபோது 'மூடும் வரை' என்பது 'மூடி வரை' என்று காதில் விழுந்தது. வரவேற்புப் பெண்ணைக் கேட்டால் அவளும் அப்படித்தான் கேட்டது என்றாள். காகிதம் முழுக்க அடித்தல். பேனா முனையில் காகிதம் ஒரு இடத்தில் கிழிந்தே போயிற்று. முப்பத்தைந்து நிமிடம் ஓடிவிட்டது.

வசனக்காரி காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஒலியே இல்லாமல் துண்டை ஓடவிடச் சொன்னாள். வெறும் வாயையும் கையையும் பார்த்தாள். எட்டாம் முறையோ ஒன்பதாம் முறையோ பார்க்கும்போது நடுவில் இருந்த நிறுத்தம் அவள் கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட முக்கால் நொடி. நர்ஸ் 'கேப்' என்று உதட்டை ஒட்டியவள், கையை மேலே நகர்த்தும்வரை ஒட்டினபடியே வைத்திருக்கிறாள். பிறகுதான் வாய் திறக்கிறது. இத்தனை நாளும் அந்த நிறுத்தத்தை ஒரே வாக்கியத்தின் நடுவிலுள்ள மூச்சு என்றே அவள் எண்ணியிருந்தாள். ஆங்கிலத்தில் அது ஒரே வாக்கியம், படிவத்திலும் ஒரே வரிசை எண். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு அங்கே ஒரு பேச்சு முடிந்து இன்னொரு பேச்சு ஆரம்பிக்கிறது.

ஒட்டிய உதடு திறக்கிற இடத்தில் 'மு' வைக்கலாம். 'முதல்ல.' 'அன்டில் த' என்பதற்கு மூன்று அசை, 'முதல்ல' என்பதற்கும் மூன்று. அடுத்தது கிளாம்ப், அதன் உதட்டிலேயே. அதற்கப்புறம் 'மூடணும்' என்று எழுதப் போனாள். மறுபடி அந்த மூடி, மூடு குழப்பம். அடித்துவிட்டு, தாழ்ப்பாள் போடுகிற கணக்கில் 'போடணும்' என்று எழுதினாள். கிளாம்ப் என்று ஒட்டிய உதடு 'போ' என்று குவிந்து திறந்தது. நர்ஸும் அங்கே 'ஷ' என்று குவித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசி 'ம்' சுருக்குப்பைக்கு.

குயில் காகிதத்தை வாங்கி ஒரு முறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று பீப். சிவப்பு விளக்கு.

"மூடியைத் தொட வேண்டாம். முதல்ல கிளாம்ப் போடணும்."

கத்திரி மறுபடி ஓடவிட்டார். கை மூடியில், குரல் மூடியில். நிறுத்தம். கை கிளாம்பில், குரல் கிளாம்பில். வாய் மூடியது, குரலும் நின்றது. கடைசி அசை மட்டும் கொஞ்சம் நீண்டது. மூன்று ஃப்ரேம், நொடியில் எட்டில் ஒரு பங்கு என்று கத்திரி கணக்குச் சொன்னார். இரண்டை இழுத்து உள்ளே தள்ளினார். ஒன்று தள்ள முடியவில்லை.

வரவேற்புப் பெண்ணை மறுபடி கூப்பிட்டால், அவளுக்கு இதற்குள் விஷயம் தெரிந்துவிட்டதே என்றாள் குயில். அதுவும் சரிதான். வசனக்காரி கீழே மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்த ஆளைக் கூட்டிவந்தாள். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். கிளாம்பை மூடினார், மூடியைக் கழற்றினார், குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதற்காகவா என்னைக் கூப்பிட்டீர்கள் என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

மேற்பார்வையாளர் படிவத்தை எடுத்தார். கொஞ்சம் யோசித்து, எட்டு என்று போட்டார். ஒரு வாக்கியம் இரண்டாக உடைந்ததற்கு ஒன்று குறைத்தார், மிஞ்சிய ஒரு ஃப்ரேமுக்கு ஒன்று. வசனக்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தப்பாகச் சொன்னதற்குப் பத்து, சரியாகச் சொன்னதற்கு எட்டு. அதைச் சொல்லியும் காட்டினாள். படிவத்தில் 'அர்த்தம்' என்று ஒரு கட்டமே இல்லையே மேடம், நான் என்ன செய்யட்டும் என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பூட்டைத் திறக்க இன்னும் ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் அவள் தினம் காலையில் கம்பெனிக்குப் போன் செய்தாள். முதல் நாள் பதில் வந்தது. இரண்டாம் நாள் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து பார்க்கிறோம் என்று ஒரு வரி மட்டும். அதற்கிடையில் பழைய வீடியோ போன இரண்டு கிளினிக்குகளில் யார் யார் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மூடியில் கை வைக்கிறார்களோ என்ற நினைப்பு அவளை ஒரு வேளை சோற்றைக்கூட ஒழுங்காகத் தின்னவிடவில்லை. புருஷனிடம் எரிந்து விழுந்தாள்.  ஏழாம் நாள், புது வீடியோ கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த பிறகும் பொறுக்க முடியாமல், எண் கேட்டு வாங்கி, கிளினிக்குகளுக்கு அவளே போன் செய்தாள். முதலாவதில், வீடியோ வந்த பெட்டியையே இன்னும் பிரிக்கவில்லை என்றார்கள். இரண்டாவதில் ஒரு நர்ஸ் எடுத்தாள். தான் யார், என்ன தப்பு நடந்தது என்று வசனக்காரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"ஓ, அந்த இடமா?" என்றாள் நர்ஸ். "முதல் நாளே எனக்கு இடிச்சுது. அங்க வந்ததும் வீடியோவ நிறுத்திட்டு நானே வாயால சொல்லிடுவேன். முதல்ல கிளாம்ப், அப்புறம் மூடின்னு. இதுவரைக்கும் அஞ்சு பேருக்குக் காட்டியிருக்கேன், அஞ்சு பேரும் நல்லாத்தான் இருக்காங்க."

வசனக்காரி போனைக் காதில் வைத்தபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.  முன்பின் தெரியாத ஒருத்தி, ஒவ்வொரு முறையும் இவள் செய்த தப்பை நிறுத்தி நிறுத்தித் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லி அனுப்பினேனே, பதில் வரவில்லை என்றாள் நர்ஸ்.

புது வீடியோ இன்று வந்துவிடும், அதில் சரியாக இருக்கிறது, இனிமேல் நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை என்றாள் வசனக்காரி. இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பாக்கறேங்க" என்றாள் நர்ஸ். "ஆனா நிறுத்தறத விட மாட்டேன்னு நினைக்கிறேன். நிறுத்திச் சொன்னா அவங்க எங்கிட்ட கேள்வி கேக்கறாங்க. வீடியோகிட்ட யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்போல. நர்ஸ் போனை வைத்துவிட்டாள். வசனக்காரிக்கு அன்று பிற்பகல் வேறொரு வேலை இருந்தது. பிரஷர் பார்க்கும் கருவி பற்றிய ஒன்பது நிமிட வீடியோ. பேசுகிறவர் மீசைக்காரர், உதடே தெரியவில்லை. அவள் முதல் துண்டை ஓடவிட்டு, எழுதத் தொடங்கும் முன்பே வரவேற்புப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.